எதிரி விடுபாடு கருதுகோள்: நெல்லையில் ஒரு பொதுத்தோட்டம் போட்டால் எதை நிரூபிக்க முடியும்?

களக்காட்டுப் பச்சை
எல்லாருக்கும் வணக்கம். ஆய்வுக்கு ஒரு திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பார்த்தீனியம் மெக்சிகோ வளைகுடாப் பக்கத்துச் செடி. அங்கே அதைத் தின்கிற பூச்சிகளும் பூஞ்சைகளும் ஏராளம். இங்கே வந்தபோது அவை கூட வரவில்லை. அதனால்தான் இப்படிப் பெருகுகிறது என்பது எதிரி விடுபாடு கருதுகோள். இதை நெல்லையிலேயே சோதிக்க நினைக்கிறேன். மெக்சிகோவில் ஒரு ஊர், இங்கே மானூர்ப் பக்கம் ஒரு ஊர், இரண்டு இடத்து விதைகளையும் வாங்கி ஒரே தோட்டத்தில் 160, 160 என்று 320 குரோபேக்கில் வளர்ப்பேன். பாதிக்குப் பூச்சிமருந்து, பாதிக்கு வெறும் தண்ணீர். நம்ம ஊர்ச் செடி பெரிதாக வந்தால் கருதுகோள் சரி. இதில் என்ன ஓட்டை இருக்கிறது என்று சொல்லுங்கள்.

பாளை பூச்சியியல்
தம்பி, இதுக்குத் தோட்டமே வேண்டாம். நம்ம சீமையிலேயே பெரிய அத்தாட்சி இருக்கு. சப்பாத்திக்கள்ளி தரிசெல்லாம் மூடிக்கிடந்த காலம் உண்டு. 1926-ல இலங்கையில இருந்து டாக்டைலோபியஸ் ஓபன்ஷியே என்கிற கள்ளிப்பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டாங்க. கொஞ்ச வருசத்துல கள்ளி சுருண்டுபோச்சு. எதிரி இல்லாதப்போ பெருகுச்சு, எதிரி வந்ததும் அடங்குச்சு. இதைவிட என்ன நிரூபணம் வேணும்?

தேரிக்காட்டுச் செல்வி
அண்ணாச்சி சொன்ன வரலாறு சரி, அதிலிருந்து எடுத்த முடிவு பாதிதான் சரி. வலுவான ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டால் செடி அடங்கும் என்பதைக் கள்ளி காட்டுகிறது. அந்தப் பூச்சி இல்லாததுதான் செடி பெருகியதற்குக் காரணமா என்பது வேறு கேள்வி. மேய்ச்சலால் புல் அழிந்து வெறும் தரை கிடந்ததாலோ, வேலிக்கென்று ஊர்ஊராக நட்டதாலோ பெருகியிருந்தாலும் அந்தப் பூச்சி கள்ளியைக் கொன்றுதான் இருக்கும். மருந்து நோயைக் குணப்படுத்துகிறது என்பதற்காக, அந்த மருந்து உடம்பில் இல்லாமல்போனதுதான் நோய்க்குக் காரணம் என்று சொல்ல முடியாதல்லவா.

களக்காட்டுத் தம்பிக்கு. உங்கள் திட்டத்தில் மருந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: நெல்லையில் போடும் ஒரே ஒரு தோட்டம் எதிரி விடுபாட்டை நேராகச் சோதிக்காது. மெக்சிகோ விதையை இங்கே கொண்டுவந்து போட்ட அன்றே அதுவும் தன் பழைய எதிரிகளிடமிருந்து விடுபட்டுவிடுகிறது. தோட்டத்தில் இருப்பது நெல்லைப் பூச்சிதான், இரண்டு விதைக்கும் அதே பூச்சி. ஆகவே செடிகளுக்குள் வித்தியாசம் தெரிந்தால் அது மரபில் ஏற்பட்ட வித்தியாசம். தின்ன ஆள் இல்லாத ஊரில் பல தலைமுறை வாழ்ந்ததால் தற்காப்புக்குச் செலவழித்ததைக் குறைத்து வளர்ச்சிக்குத் திருப்பிக்கொண்டதா என்பதுதான் உங்கள் தோட்டம் கேட்கிற கேள்வி. 1995-ல் பிளாசியும் நோட்சோல்டும் முன்வைத்தது அது. எதிரி விடுபாட்டுக்கு அது பங்காளி, அதுவே அல்ல.

விடுபாட்டையே சோதிக்க வேண்டுமென்றால் இரண்டு மண்ணிலும் தோட்டம் வேண்டும். மெக்சிகோவில் ஒன்று, இங்கே ஒன்று, இரண்டிலும் பூச்சியை விலக்கிய பாத்தியும் விலக்காத பாத்தியும். பூச்சியை விலக்கினால் அங்கே செடிக்குக் கிடைக்கிற லாபம் பெரிதாகவும், இங்கே கிடைக்கிற லாபம் சிறிதாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் "இங்கே எதிரியின் பாரம் குறைவு" என்று சொல்லலாம்.

மானூர் சம்சாரி
நான் படிச்சவன் இல்லை, ஒண்ணு கேக்கேன். எங்க குளத்துல கருவேலம் மண்டிக்கிடக்கு. ஜேசிபி வச்சுத் தோண்டினாலும் ரெண்டு மழையில திரும்ப முளைக்கு. நீங்க சொல்லுத பூச்சியைக் குளத்துல விட்டா அழியுமா?

தேரிக்காட்டுச் செல்வி
அண்ணாச்சி, நீங்கள் சொல்வது சீமைக்கருவேலம். அதற்கு இந்தியாவில் பூச்சி விடவில்லை. தென்னாப்பிரிக்காவில் அதன் இனத்துக்கு விதை தின்னும் வண்டுகளை விட்டார்கள். அவை நெற்றில் விதையைத்தான் தின்னும், நின்ற மரத்தைக் கொல்லாது. திரும்ப முளைப்பதைத் தடுக்க வேண்டுமென்றால் தரைக்குக் கீழே இருக்கும் மொட்டுப் பகுதியோடு வேர்க்கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டும். தரை மட்டத்தில் அறுத்தால் முளைக்கத்தான் செய்யும். குளத்தில் நாட்டுக் கருவேலமும் கலந்து நின்றால் அதை விட்டுவிடுங்கள். அந்த மரத்தைப் பற்றிப் பிறகு வருகிறேன், இந்தத் தம்பியின் கேள்விக்கு அது ரொம்ப வேண்டியது.

எண்ணும் எழுத்தும்
புள்ளியியல் பக்கமிருந்து. 160, 160 என்பது பார்க்கப் பெரிய எண். ஆனால் உங்கள் கேள்வி "சொந்த நாடு எதிர் வந்த நாடு". அதற்கு ரெப்ளிகேஷன் செடி அல்ல, விதை எடுத்த கூட்டம், அதாவது ஓர் இடத்தில் சேர்ந்து வளர்கிற செடிகள். உங்களிடம் ஒன்றுக்கு ஒன்றுதான் இருக்கிறது. எந்த இரண்டு ஊரை எடுத்தாலும் ஏதாவது ஒரு வித்தியாசம் இருக்கும், மானூருக்கும் நாங்குநேரிக்குமே இருக்கலாம். 1995 கட்டுரையிலும் அடிப்படை அப்படித்தான்: சுவிட்சர்லாந்தின் லூசெலில் இருந்து ஒரு கூட்டம், நியூயார்க்கின் இதாக்காவில் இருந்து ஒரு கூட்டம். யோசனையைக் கிளப்ப அது போதும், முடிவு சொல்லப் போதாது.

குரோபேக் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். அதே 320-ஐப் பிரித்துப் போடுங்கள். அங்கே 10 கூட்டம், இங்கே 10 கூட்டம். ஒவ்வொன்றிலும் 8 தாய்ச்செடி. ஒவ்வொரு தாயிடமிருந்தும் 2 பிள்ளை, ஒன்றுக்கு மருந்து, ஒன்றுக்குத் தண்ணீர். 20 × 8 × 2 = 320. செலவு அதேதான், சொல்லக்கூடியது பத்து மடங்கு. தாய்ச்செடிகளை ஐந்து மீட்டராவது தள்ளித்தள்ளி எடுங்கள், ஒவ்வொன்றின் விதையும் தனிக் காகித உறையில். பாலித்தீன் உறை வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

களக்காட்டுப் பச்சை
ரொம்ப நன்றி. பத்துக் கூட்டத்தையும் எங்கிருந்து எடுப்பது? இங்கே நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டத்திலும் சுற்றினாலே பத்து கிடைத்துவிடும். வண்டியில் ஒரு வாரம்.

தேரிக்காட்டுச் செல்வி
அதைச் செய்யாதீர்கள். இந்தச் சோதனையில் அதிகம் பேர் விழுகிற பள்ளம் அதுதான். 2009-ல் கோலாட்டி, மாரன், பாரெட் மூவரும் எழுதியது இதைப்பற்றியே: அட்சரேகையைக் கணக்கில் எடுக்காத பொதுத்தோட்டம் பொய்யான வித்தியாசத்தைக் காட்டலாம், இருக்கிற வித்தியாசத்தை மறைக்கவும் செய்யலாம்.

கணக்குக்காக ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம், இது எந்தத் தோட்டத்திலும் அளந்த எண் அல்ல. ஒரு செடி வடக்கே போகப் போகச் சீக்கிரம் பூத்துச் சின்னதாக முடிகிறது. ஒரு பாகைக்கு ஒரு கிராம் உலர் எடை குறைகிறது. சொந்த நாட்டில் 22 முதல் 30 பாகை வரை எடுத்தீர்கள், சராசரி 26. இங்கே தென்கோடியில் 8 முதல் 10 வரை எடுத்தீர்கள், சராசரி 9. இரண்டு நாட்டிலும் செடி அந்தந்த ஊர்த் தட்பவெப்பத்துக்குத் தகுந்தாற்போல் மாறியிருக்கிறது, எதிரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அப்படி இருந்தும் உங்கள் தோட்டத்தில் நம்ம ஊர்ச் செடி சராசரியாக 17 கிராம் கூடுதலாக நிற்கும். பார்ப்பவர் "எதிரி இல்லாததால் பெருத்துவிட்டது" என்று எழுதுவார். பரிணாமம் நடந்தது உண்மை, ஆனால் அதை நடத்தியது பகல் நீளமும் வெயிலும் மழையும்.

இது வெறும் கற்பனைப் பயமும் அல்ல. 1995-ல் ஆராய்ந்த அதே ஊதாப்பூச் செடி, லித்ரம், வட அமெரிக்காவுக்கு வந்தபின் வடக்கே பரவப் பரவச் சீக்கிரம் பூத்துச் சின்னதாக முடியும்படி மாறியதைக் கோலாட்டியும் பாரெட்டும் 2013-ல் இடம் மாற்றி நட்டுக் காட்டினார்கள்.

ஆகவே இந்தியாவில் கன்னியாகுமரிப் பக்கம் தொடங்கிப் பஞ்சாப் வரை எடுங்கள். குறைந்தது பாதிக் கூட்டமாவது சொந்த நாட்டின் அட்சரேகையோடு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். படியாமல் விட்டால் பிறகு எந்த மாடல் போட்டாலும் நாட்டையும் அட்சரேகையையும் பிரிக்க முடியாது.

எண்ணும் எழுத்தும்
மாடல் இது.

```r
library(lme4)
m <- lmer(log(drywt) ~ range * spray + range * abslat +
            (1 + spray | pop) + (1 | pop:mother) + (1 | block),
          data = d)
```

`range` என்பது சொந்த நாடா வந்த நாடா என்பது, `spray` மருந்தா தண்ணீரா என்பது, `pop` கூட்டம், `mother` தாய்ச்செடி, `block` தோட்டத்துப் பாத்தி. `abslat` என்பது நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை என்பது, தெற்கு வடக்கு பார்க்காமல். அதைச் சராசரி கழித்துப் போடுங்கள், இல்லையென்றால் `range` எண் நிலநடுக்கோட்டில் இருக்கும் செடியைப் பற்றிப் பேசும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது `range:spray`. `(1 + spray | pop)` என்பதை எடுத்துவிட்டு வெறும் `(1 | pop)` போடுகிற பழக்கம் இருக்கிறது. அப்படிப் போட்டால் மருந்துக்கு ஒவ்வொரு கூட்டமும் வேறு மாதிரி நடந்துகொள்வது கணக்கிலேயே வராது, இல்லாத முக்கியத்துவம் தெரியும்.

அக்காவிடம் ஒரு மாறுபாடு. அட்சரேகைக்குப் பதில் ஆண்டு மழை, வெப்பம் இரண்டையும் போடுவது நல்லது என்பேன். நெல்லையில் வடகிழக்குப் பருவமழை, அதே அட்சரேகையில் மலைக்கு அந்தப்பக்கம் திருவனந்தபுரத்தில் தென்மேற்கு. அட்சரேகை இரண்டையும் ஒன்றென்று சொல்லும்.

தேரிக்காட்டுச் செல்வி
பொருநைக்கரைக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். ஆனால் 20 கூட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று தட்பவெப்ப எண்களைப் போட்டால் மாடல் தாங்குமா? நான் அட்சரேகையோடு நிறுத்திக்கொள்வேன், வேண்டுமானால் மழையை மட்டும் தனியே ஒருமுறை போட்டுப் பார்ப்பேன்.

பாளை பூச்சியியல்
செல்வி மேடம் சொன்னதுல முதல் விசயத்தை ஒத்துக்கிடுதேன், கள்ளி கதை வேற. ஆனா பார்த்தீனியத்துல எல்லாரும் ஒண்ணை விட்டுட்டீங்க. எதிரி வரலைன்னு தம்பி எழுதியிருக்கார். வந்தாச்சு. 1984-ல மெக்சிகோ வண்டு, சைகோகிராமா பைகலரேட்டா, பெங்களூர்ல விட்டாங்க. பார்த்தீனியம் புனே பக்கம் கண்ணுல பட்டது 1955 வாக்குல. அப்போ முப்பது வருசம்தான் அது வண்டு இல்லாம இருந்துச்சு. அதுக்கப்புறம் வண்டு போன இடமெல்லாம் திரும்ப அடி. நம்ம ஊர்ச் செடி தற்காப்பை விட்டுச்சா, விட்டதைத் திரும்பப் பிடிச்சுதா, யார் சொல்ல?

இன்னொண்ணு. கோடையில வண்டு மண்ணுக்குள்ள உறங்கும். மழை விழுந்து ஈரம் இறங்கினாத்தான் மேல வரும். மார்ச்சுல தோட்டம் போட்டா மருந்தடிச்சதும் அடிக்காததும் ஒண்ணாத்தான் நிக்கும். ஐப்பசி மழையை ஒட்டிப் போடணும்.

சேதத்தை இலைப்பரப்பு சதவீதத்துல மட்டும் அளக்காதீங்க. இளம் புழு முதல்ல குருத்துக்கும் கணு மொட்டுக்கும்தான் போகும். மேல இலை முழுசா இருக்கும், "சேதம் அஞ்சு சதவீதம்"னு எழுதுவீங்க, ஆனா உச்சிக்குருத்து செத்திருக்கும், பூங்கொத்து வராது. வாரம் ஒருக்கா உயிரோட இருக்குற குருத்தை எண்ணுங்க.

களக்காட்டுப் பச்சை
அண்ணாச்சி, இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் எந்த மருந்து அடிப்பது? இமிடாகுளோபிரிட் வேரில் ஊற்றினால் நீண்ட நாள் நிற்கும் என்கிறார்கள்.

பாளை பூச்சியியல்
நிக்கும். ஆனா அந்த மருந்து பூச்சி இல்லாத செடியையும் சில பயிர்ல தெம்பா வளர வைக்கும். அப்போ வளர்ந்தது பூச்சி இல்லாததாலயா, மருந்தாலயான்னு தெரியாது. நாலு கூட்டத்துல இருந்து தலைக்கு இருபது செடி எடுத்து, பூச்சி நுழையாத வலைக்கூண்டுல வை. பத்துக்கு மருந்து, பத்துக்குத் தண்ணி. அங்க ரெண்டும் ஒண்ணா வந்தாத்தான் வெளியில அந்த மருந்தை நம்பலாம். வித்தியாசம் வந்தா மருந்தை மாத்து. கையுறை, முகக்கவசம் இல்லாம பார்த்தீனியத்துல கை வைக்காதே, தோல் அரிப்பும் இழுப்பும் வரும்.

தேரிக்காட்டுச் செல்வி
அண்ணாச்சி சொன்ன கூண்டுச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். இனி விதை பற்றி மூன்று விசயம்.

வயலில் எடுத்த விதையை நேரே தோட்டத்தில் போடாதீர்கள். கரிசலில் நல்ல உரம் தின்ற தாயின் விதை கனமாக இருக்கும், அதன் கன்று முதல் மாதம் முந்தும். அது தாய் கொடுத்த சீதனம், மரபு அல்ல. எல்லாக் கூட்டத்தையும் ஒரு தலைமுறை ஒரே குடிலில் வளர்த்து, அங்கே பிறந்த விதையை எடுங்கள். பார்த்தீனியத்துக்கு நாலைந்து மாதம் போதும். பூ விரியும் முன்பே கொத்துக்கு மெல்லிய துணிப்பை கட்டுங்கள், மகரந்தம் காற்றில் போகும், கூட்டங்கள் கலந்துவிட்டால் வேலை பாழ். அதே கூட்டத்து இரண்டு செடிகளுக்குள் மட்டும் கையால் சேருங்கள். புது விதை முளைக்க மறுத்தால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், மேலே ஒட்டியிருக்கும் தடைப்பொருள் போகும்.

இரண்டாவது, எந்தச் சொந்த நாடு? தென் அமெரிக்கப் பார்த்தீனியம் வேறு வகை. பூ வெளுப்பாக இல்லாமல் மஞ்சள் சாயலில் இருக்கும், பார்த்தெனின் என்ற நச்சுக்குப் பதில் ஹைமெனின் மிகுதி. இந்தியாவுக்கு வந்தது வெள்ளைப்பூ வட அமெரிக்க வகை. அர்ஜென்டினா விதையை "சொந்த நாடு" என்று வைத்தால் வேறு பரம்பரையோடு ஒப்பிட்டவர் ஆவீர்கள். இதனாலேயே உண்ணிச்செடியை யாராவது சொன்னால் நான் தடுப்பேன். தோட்டக்காரர்கள் கலப்பினம் செய்து செய்து உண்டாக்கிய செடி அது, அதற்கு ஒப்பிடும்படியான ஒரு காட்டுச் சொந்த ஊர் கிடைப்பது கடினம்.

மூன்றாவது, நச்சு குறைந்திருக்கும் என்று முன்கூட்டியே எழுதாதீர்கள். வராமல் போனது அந்தச் செடியை மட்டுமே தின்கிற பூச்சி. எதையும் தின்கிற வெட்டுக்கிளியும் கம்பளிப்புழுவும் இங்கேயும் உண்டு. அவற்றுக்கு எதிராக நச்சு கூடவும் செய்யலாம். குறைய வாய்ப்புள்ளது இலையின் தடிப்பு போன்ற விலையுயர்ந்த பொதுத் தற்காப்பு. ஊட்டியில் வழியோரமெல்லாம் நிற்கிற அஜெரட்டினாவில் 2009-ல் வந்த ஆய்வு இதைக் காட்டியது: மெக்சிகோக் கூட்டங்களோடு ஒப்பிட்டால் சீன, இந்தியக் கூட்டங்கள் நைட்ரஜனைச் செல்சுவருக்குக் குறைத்து ஒளிச்சேர்க்கைக்குக் கூட்டியிருந்தன.

களக்காட்டுப் பச்சை
எல்லாம் சரி அக்கா. ஆனால் மெக்சிகோ விதையை எப்படிக் கொண்டுவருவது?

தேரிக்காட்டுச் செல்வி
அங்கேதான் இந்தத் திட்டம் நிற்கும் என்று நினைக்கிறேன். 2003 தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி இறக்குமதி அனுமதி வேண்டும். கிடைத்தாலும் திறந்த வெளியில் நட முடியாது. புது மரபு நம் மண்ணில் கலந்தால் களை இன்னும் வலுக்கும். மூடிய வலைக்குடில், விதை உதிருமுன் அறுத்து எரிப்பு என்று போனால், வண்டு தானாக வந்து தின்கிற சோதனை இல்லாமலாகிவிடும்.

அதனால்தான் நாட்டுக் கருவேலத்தைப் பிறகு சொல்கிறேன் என்றேன். கருவேலத்துக்கு நெல்லைச் சீமை சொந்த ஊர். நம் குளங்களில் நிற்கிற அதே மரம் 1890-களில் குவின்ஸ்லாந்துக்கு நிழலுக்கும் தீவனத்துக்கும் போய், அங்கே புல்வெளிகளை மூடிய பெரும் களையாகிவிட்டது. ஆஸ்திரேலியர்கள் அதற்கு எதிரி தேடி வந்த இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. சொந்த நாட்டுப் பக்கத்துத் தோட்டத்தை, எல்லா எதிரிகளோடும், நீங்கள் பாளையங்கோட்டையிலேயே திறந்த வெளியில் போடலாம். பூச்சியை விலக்கினால் கன்றுக்கு எவ்வளவு லாபம் என்ற பாதிக் கேள்விக்கு எந்த இறக்குமதியும் வேண்டாம். மறுபாதியை அங்கே உள்ளவர்கள் அதே முறையில், அதே அளவுத் தொட்டியில், அதே வயதுக் கன்றில் செய்ய வேண்டும். நம் விதையை அங்கே அனுப்புவதாக இருந்தால் 2002 பல்லுயிர்ச் சட்டப்படி அனுமதி எடுங்கள்.

எண்ணும் எழுத்தும்
மரம் அல்லவா? ஆறு மாதக் கன்றை அளந்து மரத்தின் வாழ்வைச் சொல்ல முடியுமா?

தேரிக்காட்டுச் செல்வி
முழுக்கச் சொல்ல முடியாது. சீமானும் ரோஜர்ஸும் 2001-ல் வெளியிட்ட சீன மெழுகு மரத் தோட்டம் டெக்சாஸில் 14 ஆண்டு நின்றது. அமெரிக்க வழி மரங்கள் தைவான் வழி மரங்களைவிடப் பெரிதாக நின்றன, இலைத் தற்காப்பு குறைவாக இருந்தது. ஒரு பட்ட ஆய்வுக் காலத்தில் அது நடவாது. "கன்றுப் பருவத்தில்" என்ற சொல்லைத் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள்.

மானூர் சம்சாரி
நாட்டுக் கருவேலம் விதைன்னா எங்க பக்கம் ஆட்டுக்கிடையில சாக்குக்கணக்கா கிடைக்கும். ஆடு நெத்தைத் தின்னு கக்கின விதை, போட்டா சட்டுன்னு முளைக்கும். வேணும்னா சொல்லுங்க தம்பி.

தேரிக்காட்டுச் செல்வி
அண்ணாச்சி, நாற்றங்காலுக்கு அது அருமையான விதை. இந்தச் சோதனைக்கு ஆகாது. எந்த விதை எந்த மரத்தினுடையது என்று கிடையில் தெரியாது, எட்டுத் தாய் என்ற கணக்கே போய்விடும். எந்தெந்தக் குளத்தில் பழைய மரங்கள் நிற்கின்றன என்று தம்பிக்குக் காட்டிக்கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

தம்பி, நெற்றை மரத்திலிருந்தே பறியுங்கள். மணிமாலை மாதிரி விதைக்கு விதை இடுங்கிய நெற்றா என்று பாருங்கள், அதிலும் வெள்ளை ரோமம் அடர்ந்து மூடியிருந்தால் அது வேறு துணையினம், விடுங்கள். குவின்ஸ்லாந்துக்குப் போனது பெரும்பாலும் இண்டிகா துணையினம். உடைத்தால் சில விதைகளில் குண்டூசித் தலை அளவுக்கு வட்ட ஓட்டை இருக்கும், வண்டு வெளியேறிய வழி. அதை ஒதுக்கத்தான் வேண்டும், ஆனால் எண்ணி எழுதிவிட்டு ஒதுக்குங்கள். ஒரு மரத்தில் பாதி விதை ஓட்டை, இன்னொன்றில் ஒன்றுமில்லை என்றால் உங்கள் தோட்டத்துக்கு வரும் விதை ஏற்கெனவே எதிரி சலித்தெடுத்த விதை. நல்ல விதையின் ஓரத்தில் நகவெட்டியால் சிறு கீறல் போட்டு ஓர் இரவு ஊறவைத்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே நாளில் முளைக்கும்.

எண்ணும் எழுத்தும்
அட்சரேகைச் சிக்கல் இங்கேயும் உண்டு. குவின்ஸ்லாந்துப் புல்வெளிகள் 20 பாகைக்குத் தெற்கே. நெல்லை 8.7. குஜராத், ராஜஸ்தான் மரங்களும் வேண்டும்.

களக்காட்டுப் பச்சை
பார்த்தீனியத்தை விட்டுவிட்டுக் கருவேலத்துக்கு மாறினால் வழிகாட்டி ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை, கேட்டுப் பார்க்கிறேன். சம்சாரி அண்ணாச்சி, நெற்று முற்றும் பருவத்தில் மானூர் வருகிறேன். பூச்சியியல் அண்ணாச்சி, கருவேலங்கன்றுக்கு எந்த மருந்து என்று முதலில் கூண்டில் பார்க்க வேண்டுமல்லவா, எதிலிருந்து தொடங்கலாம்?

பாளை பூச்சியியல்
கருவேலத்துல இலையைப் பின்னித் தின்னுற புழுவும் இருக்கு, தண்டுல ஒட்டுற செதில்பூச்சியும் இருக்கு. ஒரே மருந்து ரெண்டையும் பிடிக்காது. முதல்ல மருந்தில்லாம ஒரு மழைக்காலம் கன்றை வச்சு, எது வருதுன்னு பார்த்துட்டுச் சொல்லு.